நீலம் நிற்காத குடுவைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறிய ஊர் ஒன்றின் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேதியியலாளராக இருக்கிறேன். ஒரு கோடையில் இரண்டு வாரம், தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு என்று பார்க்கும் கடினத்தன்மைச் சோதனையில் முடிவுப் புள்ளி நிற்காமல் என்னை அலைக்கழித்தது. அந்தக் கதையைப் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் சொல்லும்போதெல்லாம் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

எண்ட் பாயிண்ட் மங்குதுன்னு சொல்றீங்களே, நிறமே போயிடுமா?

போகாது. ஒயின் சிவப்பாக இருக்கும் கரைசலில் பியூரெட்டிலிருந்து, அந்த உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ.வைச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். சிவப்பு ஊதாவாகி, கடைசிச் சொட்டில் தெளிந்த நீலமாகிறது. அந்த அளவைக் குறித்துக்கொண்டு குடுவையை வைத்துவிட்டால் நீலம் அப்படியே நிற்க வேண்டும். எனக்கு நிற்கவில்லை. அரை நிமிடத்துக்குள் ஓரத்தில் லேசாக ஊதா தட்டும், அப்புறம் முழுக் குடுவையும் பழையபடி சிவக்கும். இன்னொரு சொட்டு விட்டால் நீலம், கொஞ்ச நேரத்தில் மறுபடி சிவப்பு.

நிறம் வெளுத்துச் சாம்பலாகிப் போனால் அது வேறு கோளாறு. இந்த நிறங்களைத் தரும் நிறங்காட்டியான எரியோகுரோம் பிளாக் டி-யைக் கரைசலாக வைத்திருந்தால் நாளாக நாளாகக் கெடும், கார நிலையில் காற்று பட்டும் சிதையும். தண்ணீரில் மாங்கனீசு இருந்தால் இன்னும் சீக்கிரம் சிதையும். அப்போது நீலமும் தெளிவாக இருக்காது, சிவப்பும் தெளிவாக இருக்காது. என் குடுவைகளில் இரண்டு நிறமும் பளிச்சென்று இருந்தன. “மங்குகிறது” என்று குறிப்பேட்டில் எழுதியது என் தவறு. “திரும்புகிறது” என்று எழுதியிருந்தால் பாதிச் சந்தேகம் அன்றே தீர்ந்திருக்கும்.

நீலம் திரும்பச் சிவப்பானா என்ன அர்த்தம்?

கரைசலுக்குள் எங்கிருந்தோ புதிதாகக் கால்சியமோ மக்னீசியமோ வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு மூன்று விநாடியில் திரும்புவதை விட்டால், வேறு எப்படியும் இதைப் படிக்க முடியாது. பி.எச். 10-இல் இந்த நிறங்காட்டி தனியாக இருந்தால் நீலம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டால் ஒயின் சிவப்பு. இ.டி.டி.ஏ. முதலில் கால்சியத்தை எடுத்துக்கொள்ளும், பிறகு மக்னீசியத்தை, கடைசியாக நிறங்காட்டியின் கையிலிருக்கும் மக்னீசியத்தையும் பிடுங்கிவிடும். அந்தப் பிடுங்கல்தான் முடிவுப் புள்ளி.

எல்லாம் முடிந்த பிறகு கொஞ்சம் கால்சியம் உள்ளே நுழைந்தால் என்ன ஆகும்? மக்னீசியத்தைவிடக் கால்சியத்தோடுதான் இ.டி.டி.ஏ.வுக்குப் பிடிப்பு அதிகம். ஆகவே மக்னீசியத்தை விட்டுவிட்டுக் கால்சியத்தைப் பிடிக்கும். விடுபட்ட மக்னீசியம் நிறங்காட்டியிடம் ஓடும், கரைசல் சிவக்கும். மூடி வைத்த கண்ணாடிக் குடுவைக்குள் கால்சியம் எங்கிருந்து வரும் என்பதுதான் அந்த இரண்டு வாரமும் என்னைத் தூங்கவிடாத கேள்வி.

மருந்து எதையாவது மாத்திப் பார்த்தீங்களா?

எல்லாவற்றையும் மாற்றினேன். 3.723 கிராம் டைசோடியம் இ.டி.டி.ஏ.வை ஒரு லிட்டருக்குக் கரைத்துப் புதிய 0.01 மோலார் கரைசல் செய்தேன். பி.எச்.சை 10-இல் நிறுத்திவைக்கும் அமோனியா பஃபரைப் புதிதாகக் கலக்கினேன். அமோனியா பறந்துபோன பழைய பஃபர் பி.எச்.சை 10-க்கு ஏற்றாது, முடிவு கூர்மையாக வராது என்பதால் அதன் மேல் சந்தேகம் இருந்தது. நிறங்காட்டியை உப்போடு அரைத்த பொடியாக மாற்றினேன். குடுவைகளை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினேன். ஒன்றும் மாறவில்லை.

தினமும் காலைல ஸ்டாண்டர்டு போட்டுப் பார்ப்போமே, அது காட்டிக் கொடுக்கலையா?

இல்லை. இந்தக் கதையில் எனக்கு இன்றும் உறுத்துகிற இடம் இதுதான். தினமும் காலையில் தரக் கால்சியக் கரைசலை எடுத்துச் சோதிப்போம். ஒவ்வொரு நாளும் மிகச் சரியாக வந்தது, நீலம் மணிக்கணக்கில் நின்றது. அதனால் என் கை சரி, மருந்து சரி, தண்ணீரில்தான் ஏதோ விசித்திரமான உலோகம் இருக்கிறது என்று முடிவுகட்டினேன். செம்பு, இரும்பு, அலுமினியம் எல்லாம் இந்த நிறங்காட்டிக்குத் தொல்லை தருபவைதான். ஆனால் அவை நிறங்காட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நீலமே வரவிடாமல் செய்யும். வந்த நீலத்தைத் திருப்பாது. அதை அப்போது யோசிக்கவில்லை.

தரக்கரைசல் எப்படிச் செய்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். கால்சியம் கார்பனேட்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, கொதிக்கவைத்து, கரியமில வாயுவை முழுக்க வெளியேற்றிவிடுகிறோம். அதில் கால்சியம் இருக்கும், பைகார்பனேட் இருக்காது. கோளாறுக்குத் தேவையான இரண்டு பொருளில் ஒன்றை நாமே முன்கூட்டியே எடுத்துவிட்ட கரைசல் அது. இந்தக் கோளாறை அது என்றைக்குமே காட்டாது.

அப்போ காரணம் எப்படித்தான் பிடிபட்டுச்சு?

ஒரு தட்டு திரும்பியதால். அந்தக் கோடையில் ஆழ்துளைக் கிணற்று மாதிரிகள் நிறைய வந்தன. ஒரு தடவைக்குப் பத்துக் குடுவை வைப்போம். புட்டிகளின் எண் வரிசையிலேயே குடுவைகளும் தட்டில் இருக்கும். ஒன்று, இரண்டு எண்கள் ஏறக்குறைய ஒழுங்காக நிற்கும். எட்டு, ஒன்பது, பத்து மோசமாகத் திரும்பும். தினமும் அதே கிணறுகள். ஆகவே அந்த மூன்று கிணற்றில்தான் வம்பு என்று குறிப்பேட்டில் அடிக்கோடிட்டே வைத்திருந்தேன்.

ஒரு நாள் எங்கள் உதவியாளர் தட்டை இடம் வலம் மாறும்படி திருப்பி வைத்துவிட்டாள். நான் கவனிக்காமல் இடப்பக்கத்திலிருந்து வழக்கம்போல் எடுத்து முடித்துக்கொண்டே போனேன். கடைசிக் குடுவை சிவந்தபோது அவள்தான் எட்டிப் பார்த்தாள். “அக்கா, இது ஒன்னாம் நம்பர். பத்தாம் நம்பர் இன்னும் நீலமாவே நிக்குது பாருங்க.” பியூரெட் குழாயை மூடிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நிறம் திரும்புவது கிணற்றைப் பொறுத்ததல்ல, வரிசையில் எத்தனையாவது என்பதைப் பொறுத்தது.

வரிசைல கடைசின்னா என்ன வித்தியாசம்? எல்லாத்துலயும் ஒரே மருந்துதானே?

மருந்து ஒன்றுதான், காத்திருந்த நேரம் வேறு. பஃபரில் இருக்கும் அமோனியாவின் நெடி கண்ணைக் கரிக்கும். அதனால் அறையின் மறுகோடியில் உள்ள புகைப்போக்கிப் பெட்டிக்குள் பத்துக் குடுவைக்கும் ஒரே மூச்சில் பஃபர் விட்டு, தட்டோடு பியூரெட் மேசைக்குக் கொண்டுவருவேன். நிறங்காட்டியை மட்டும் ஒவ்வொரு குடுவையை எடுக்கும்போது போடுவேன். ஒரு குடுவைக்கு மூன்று நிமிடம் என்றால் பத்தாவது குடுவை பஃபரோடு ஏறக்குறைய அரை மணிநேரம் சும்மா நின்றிருக்கும்.

அந்த அரை மணியில் நடப்பது இது. கிணற்றுத் தண்ணீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் சேர்ந்தே கரைந்திருக்கின்றன. பி.எச். 7-லும் 8-லும் அவை சண்டையில்லாமல் இருக்கும். பஃபர் விட்டு 10-க்கு ஏற்றியதும் பைகார்பனேட்டில் ஒரு பகுதி கார்பனேட்டாக மாறுகிறது. கார்பனேட்டும் கால்சியமும் சேர்ந்தால் கால்சியம் கார்பனேட், அதாவது கெட்டிலின் உள்ளே படியும் அதே வெள்ளைப் பொருள். அது உடனே கொட்டிவிடாது. நிமிடங்கள் போகப்போக நுண்ணிய துகள்களாகப் பிரியும்.

துகளுக்குள் மாட்டிக்கொண்ட கால்சியத்தை இ.டி.டி.ஏ. உடனடியாகத் தொட முடியாது. கரைசலில் இருப்பதை எல்லாம் எடுத்து முடித்ததும் நீலம் வந்துவிடும். பிறகு துகள் மெல்லக் கரையும், கால்சியம் வெளியே வரும், இரண்டாவது பதிலில் சொன்னபடி சிவப்பு திரும்பும். வெளியிலிருந்து வருகிறது என்று நான் தேடிய கால்சியம் முதலிலிருந்தே குடுவைக்குள்தான் இருந்தது.

துகள் இருந்தா கண்ணுக்குத் தெரிஞ்சிருக்குமே?

நிறங்காட்டியைப் போட்ட பிறகு தெரியாது. ஒயின் சிவப்பு எல்லாவற்றையும் மறைத்துவிடும். நிறங்காட்டி போடாமல், பஃபர் மட்டும் விட்ட குடுவையைக் கறுப்புத் துணிக்கு முன்னால் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். முதலில் கண்ணாடி போல இருந்தது. கால் மணி கழித்து, அரிசி கழுவிய தண்ணீரை நிறைய நீர் விட்டுக் கலக்கினால் எப்படி இருக்குமோ அவ்வளவு மெல்லிய ஒரு கலங்கல். பக்கத்தில் தரக்கரைசல் குடுவை இல்லாவிட்டால் அதையும் தவறவிட்டிருப்பேன்.

அது கால்சியம் கார்பனேட்தான்னு எப்படி உறுதி செஞ்சீங்க?

ஒரு குடுவையில் கிடைப்பது இரண்டு மூன்று மில்லிகிராம்தான், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே அதே கிணற்றுத் தண்ணீரில் ஒரு லிட்டர் எடுத்து, அதே விகிதத்தில் 20 மில்லி பஃபர் விட்டு, மூடி, இரவு முழுக்க வைத்தேன். காலையில் குடுவையின் அடியிலும் சுவரிலும் வெள்ளைப் பூச்சு. வடிகட்டி, நன்றாகக் கழுவி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டதும் நுரைத்துப் பொங்கியது. கார்பனேட் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. கரைந்ததை அமோனியாவால் நடுநிலைக்குக் கொண்டுவந்து அமோனியம் ஆக்சலேட் விட்டேன், வெள்ளை வீழ்படிவு வந்தது. கால்சியமும் உறுதி.

எவ்வளவு நேரம் நின்னா எவ்வளவு தப்பு வரும்?

நான் பார்த்த தண்ணீருக்கு மட்டும் சொல்கிறேன். பைகார்பனேட்டால் வரும் காரத்தன்மை லிட்டருக்கு 410 மில்லிகிராம் இருந்த ஒரு கிணற்று நீரை எடுத்து, நான்கு குடுவையில் 50 மில்லி வீதம் பிப்பெட் செய்து, ஒரே நேரத்தில் பஃபர் விட்டேன். உடனே முடித்த குடுவையில் முதல் நீலம் 23.8 மில்லியில் வந்தது. பத்து நிமிடம் நின்றதில் 23.2, இருபது நிமிடத்தில் 22.1, அரை மணியில் 21.3. இந்தச் செறிவில் ஒரு மில்லி இ.டி.டி.ஏ. ஒரு மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். 50 மில்லி மாதிரி என்பதால் 20-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எவ்வளவு என்று வரும். முதல் குடுவை 476, கடைசிக் குடுவை 426. ஒரே தண்ணீர், ஐம்பது மில்லிகிராம் வித்தியாசம்.

காரத்தன்மையும் கால்சியமும் குறைவாக இருக்கும் தண்ணீரில் இதே அரை மணி நின்றாலும் ஒன்றும் ஆகாது. உங்கள் தண்ணீருக்கு இதே நான்கு குடுவைச் சோதனையை ஒரு தடவை செய்து பாருங்கள். ஒரு மணிநேர வேலைதான்.

சிவப்பாக சிவப்பாக இன்னும் சொட்டு விட்டுட்டே போனா கடைசில சரியான அளவு வந்துடாதா?

நானும் அப்படித்தான் முதலில் சமாளித்தேன். 21.3-இல் நீலமான குடுவையை விடாமல் துரத்தியபோது கால் மணிநேரத்தில் 23.5 வரை போனது. அதற்குமேல் திரும்புவது மிக மெதுவாகி, முடிந்ததா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை. சுவரில் ஒட்டிய துகள் கரைந்ததா என்பதும் தெரியாது. இதற்கிடையில் நிறங்காட்டி வேறு காற்றுப் பட்டு வெளுக்கத் தொடங்கும். எங்கே நிறுத்துகிறோமோ அதுதான் விடை என்றாகிவிடும். அதை அளவு என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

சரி, சரியான வழி என்ன?

துகள் உருவாகவே விடாமல் செய்வதுதான். மூன்று வழியில் செய்து பார்த்தேன். முதலாவது, மாதிரியைக் குறைப்பது. 25 மில்லி எடுத்து, காய்ச்சி வடித்த நீர் சேர்த்து 50 ஆக்கினால் கால்சியமும் பாதி, கார்பனேட்டும் பாதி. இரண்டும் சேரும் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கல் கால் பங்காகிவிடும். பஃபர் விட்டு ஐந்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், 15 மில்லிக்கு மேல் இ.டி.டி.ஏ. செலவாகாத அளவுக்கே மாதிரி எடுக்க வேண்டும் என்று செய்முறையிலேயே எழுதியிருக்கும். வருடக்கணக்காக அந்த வரியைப் படித்திருக்கிறேன். வேலையை வேகப்படுத்தச் சொன்ன குறிப்பு என்று நினைத்திருந்தேன், காரணம் இதுதான் என்று அன்று புரிந்தது.

இரண்டாவது, பைகார்பனேட்டையே வெளியேற்றுவது. அந்த 25 மில்லியில் 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 2.5 மில்லி விட்டு, இரண்டு நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவைத்தேன். அமிலத்தில் பைகார்பனேட் கரியமில வாயுவாகிப் பறந்துவிடும். பிறகு பஃபர் விட்டு, பி.எச். 10-க்கு வந்ததா என்று பார்த்து, முடித்தேன். 12.0 மில்லி. மாதிரி 25 மில்லி என்பதால் 40-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 480. நீலம் சாப்பிட்டு வந்து பார்த்தபோதும் நின்றது.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது, அடுப்பே வேண்டாம். 12 மில்லி செலவாகும் என்று ஏற்கெனவே தெரிகிறதல்லவா? அதில் பத்தில் ஒன்பது பங்கை, அதாவது 10.8 மில்லியை, பஃபருக்கு முன்பே விட்டுவிட வேண்டும். கால்சியத்தில் பெரும்பகுதி அப்போதே இ.டி.டி.ஏ.வின் பிடிக்குள் போய்விடும். அதற்குப் பிறகு பஃபர் விட்டால் கார்பனேட் பிடித்துக்கொள்ளக் கால்சியம் மிச்சமிருக்காது. பிறகு நிறங்காட்டி, மீதிச் சொட்டுகள். இதிலும் 12.0 வந்தது. இரண்டு வெவ்வேறு வழியில் ஒரே எண் வந்த பிறகுதான் 480 என்று நம்பினேன். ஐந்தாம் நிமிடத்துக்கு முன் முடித்த 476-கூட ஒரு முடி குறைவுதான்.

நான் ஒவ்வொண்ணா பஃபர் விட்டு உடனே செய்யறேன், ஆனாலும் ரெண்டு செகண்டுல சிவக்குது. ஏன்?

இரண்டு மூன்று விநாடி என்றால் அநேகமாகத் துகள் அல்ல, அவசரம். மக்னீசியத்தை நிறங்காட்டியிடமிருந்து இ.டி.டி.ஏ. பிடுங்க சில விநாடி ஆகும். தண்ணீர் மிகக் குளிர்ந்திருந்தால் இன்னும் மெதுவாகும். கடைசிச் சொட்டுகளுக்கு இடையில் ஐந்து விநாடியாவது சுழற்றிவிட்டு அடுத்ததை விடுங்கள். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த புட்டியை அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். பிரித்தறிய எளிய வழி: தரக்கரைசலிலும் அப்படியே நடந்தால் அவசரம், மாதிரியில் மட்டும் நடந்தால் துகள்.

பீனால்ஃப்தலீன் பிங்க் மறையறதும் இதே காரணமா?

அது வேறு. அங்கே காற்றிலிருக்கும் கரியமில வாயு கரைந்து பி.எச்.சை இறக்குகிறது, பிங்க் மறைகிறது. அரை நிமிடம் நின்றால் போதும் என்று வைத்திருப்பதே அதனால்தான். அங்கே மறைந்த பிறகு சொட்டு சேர்த்துக்கொண்டே போவது தவறான எண்ணைத் தரும். ஆக்சிஜன் சோதனையில் ஸ்டார்ச்சின் நீலம் திரும்பி வருவதும் தனிக் கதை, நைட்ரைட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அந்த ரெண்டு வாரத்துல அனுப்பின ரிப்போர்ட் எல்லாம் என்ன ஆச்சு?

தட்டில் எத்தனையாவது என்பது எண்ணிலேயே இருந்ததால் எவை கெட்டிருக்கும் என்று பிரிக்க முடிந்தது. நான்காவதுக்குப் பிறகு இருந்த எல்லாவற்றையும் சந்தேகத்தில் வைத்தேன். குளிரில் மிச்சம் வைத்திருந்த புட்டிகளை நம்பலாமா என்று யோசித்தேன். நின்ற புட்டிக்குள்ளேயும் கால்சியம் கார்பனேட் சுவரில் படிந்திருக்கலாம். ஆகவே அவற்றைச் சோதிக்காமல் எல்லாக் கிணற்றிலும் புதிதாக எடுத்துவரச் சொன்னேன். மூன்றாம் வழியில் மறுபடி செய்து, பழைய எண், புதிய எண், காரணம் மூன்றையும் எழுதித் திருத்திய அறிக்கை அனுப்பினோம்.

அந்த மூன்று கிணறுகளின் பெயருக்குக் கீழே போட்டிருந்த அடிக்கோட்டை அடித்துவிட்டு, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். இப்போது எங்கள் குறிப்பேட்டில் மாதிரி எண்ணுக்கும் பியூரெட் அளவுக்கும் நடுவே ஒரு கட்டம் இருக்கிறது: “பஃபர் விட்ட நேரம்”. அதை நிரப்புவது உதவியாளரின் வேலை. அது காலியாக இருந்தால் அவள் என்னைப் பியூரெட்டைத் தொடவிட மாட்டாள்.